ஒரே மிதி, இரண்டு வேகம்

ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாக ஆரல்வாய்மொழிக்கு சைக்கிளில் போகிறவனுக்குத் தன் கால்களைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாயை நோக்கி ஓடும் வழியில் நம் முதுகையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? போனில் பார்த்தால் வேகம் 34, 35 என்று காட்டும். திரும்பி வரும்போது அதே ஆள், அதே சைக்கிள், 14-ஐத் தாண்டுவதே பாடு.

என் நண்பரின் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஒருநாள் நான் நோட்டில் எழுதி வைத்திருந்த சைக்கிள் வேகக் கணக்கைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல காத்து எங்க இருக்கு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தச் சூத்திரத்தில் காற்று கிடையாது. ஏற்றமும் இறக்கமும் கிடையாது. ஓட்டுகிறவரின் எடையும் கிடையாது. ஆனாலும் அது போகும்போதும் சரியாக வருகிறது, வரும்போதும் சரியாக வருகிறது. எப்படி என்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சூத்திரம்:

```
V = 0.06 × N × (F / R) × C
```

N என்பது நிமிடத்துக்கு எத்தனை மிதி. மிதி என்று நான் சொல்வது பெடலின் ஒரு முழுச் சுற்று. வலது கால் கீழே போய், மேலே வந்து, மறுபடி கீழே போவது வரை ஒன்று. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் கேடன்ஸ் என்கிறார்கள். F என்பது முன்னால் பெடலோடு சுற்றும் செயின் வீலில் உள்ள பற்கள். R என்பது பின் சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலில், அப்போது செயின் உட்கார்ந்திருக்கும் வட்டின் பற்கள். C என்பது பின் சக்கரத்தின் சுற்றளவு, மீட்டரில். இவற்றைப் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் போகிறோம் என்று வரும். அதை 60-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். அந்த 60-ம் 1000-மும்தான் முன்னால் 0.06 ஆக நிற்கின்றன.

இதை மனப்பாடம் செய்வதைவிட, நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு அளவைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு மிதிக்கு வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பதே அது. செயின் வீலில் 48 பல், பின்னால் 16 பல் என்றால், பெடல் ஒரு சுற்று வரும்போது செயினின் 48 கண்ணிகள் முன்னால் கடந்து போகின்றன. அதே 48 கண்ணிகள் பின்னாலும் கடந்தாக வேண்டும். 16 பல் உள்ள வட்டு அதற்கு மூன்று முறை சுற்ற வேண்டியிருக்கிறது. சக்கரமும் மூன்று சுற்று. சுற்றளவு 2.15 மீட்டர் என்றால் ஒரு மிதிக்கு 6.45 மீட்டர். நிமிடத்துக்கு 80 மிதித்தால் 516 மீட்டர், அதாவது மணிக்கு 31 கிலோமீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

பற்களை எண்ணுவதில் பிழை வர இடமில்லை. 48 என்றால் 48. பல வண்டிகளில் அந்த எண்ணை வட்டின் மேலேயே பொறித்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எண்ணத் தொடங்கலாம். என் வண்டி சாதாரண ஹைபிரிட். முன்னால் 48, 38, 28 என மூன்று வட்டுகள். பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 என ஏழு.

கவனமாக அளக்க வேண்டியது சுற்றளவு மட்டும்தான். டயரின் பக்கவாட்டில் 35-622 என்று இருக்கும். டயரின் அகலம் 35 மில்லிமீட்டர், டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் டயரின் உயரத்தைக் கூட்டினால் விட்டம் 692. அதை π-ஆல் பெருக்கினால் 2174 மில்லிமீட்டர். இது யாரும் ஏறாமல் நிற்கும் சக்கரத்துக்கான அளவு. நாம் ஏறி உட்கார்ந்ததும் டயர் அடியில் கொஞ்சம் அமுங்குகிறது. உருளும்போது ஒரு சுற்றில் கடக்கும் தூரமும் கொஞ்சம் குறைகிறது.

சிலர் ஆள் ஏறிய பிறகு தரையிலிருந்து அச்சின் உயரத்தை அளந்து, அதை 2π-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அப்போது கணக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். என் வண்டியில் அச்சின் உயரம் 340 மில்லிமீட்டர் வந்தது. அதன்படி சுற்றளவு 2136. ஆனால் டயரின் ரப்பர் பட்டை அமுங்கிய இடத்தில் சுருங்கிக் காணாமல் போய்விடுவதில்லை. அதன் நீளத்தில் பெரும்பகுதி தரையில் படிந்தே கடக்கிறது. அதனால் உண்மையான அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள உருட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிமெண்ட் தரை உள்ள ஒரு இடம், ஒரு டேப், ஒரு சாக்பீஸ், வண்டியைப் பிடிக்க ஒரு ஆள். இவ்வளவு போதும். வழக்கமாக வைக்கும் காற்றை டயரில் நிரப்பிக்கொள்ள வேண்டும். பின் சக்கரத்தின் வால்வு நேர் கீழே இருக்கும்போது தரையில் கோடு. நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்க, கூட வந்தவர் நேர்கோட்டில் தள்ள, வால்வு மூன்று முறை கீழே வந்ததும் அடுத்த கோடு. ஒரே சுற்றோடு நிறுத்தினால் வால்வு சரியாகக் கீழே வந்ததா என்ற சின்னச் சந்தேகம் முழுதாக அளவில் ஏறிவிடும். மூன்று சுற்று உருட்டி மூன்றால் வகுத்தால் அந்தப் பிழையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். எனக்கு மூன்று சுற்றுக்கு 6.45 மீட்டர் வந்தது, ஆகவே C = 2.15.

முன் சக்கரத்தை அளந்தால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலான எடை பின்னால்தான் இறங்குகிறது. செயின் சுற்றுவதும் பின் சக்கரத்தைத்தான். ஆகவே நம் சூத்திரத்துக்குப் பின் சக்கரம்தான் வேண்டும். ஆனால் முன் சக்கரக் கம்பியில் காந்தமும் ஃபோர்க்கில் சென்சாரும் வைத்து வேகம் காட்டும் மீட்டருக்கு முன் சக்கரத்தின் அளவைக் கொடுக்க வேண்டும். அந்த மீட்டர்கள் சிலவற்றில் 2096 என்ற எண் முதலிலேயே போட்டு வரும். அது மெலிந்த ரேஸ் டயருக்கான அளவு. உங்கள் சுற்றளவு 2150 ஆக இருந்து, அதை மாற்றாமல் விட்டால் 40 கிலோமீட்டர் போனதை மீட்டர் 39 என்று காட்டும். டயர் தேய்வதன் பாதிப்பு இதைவிடச் சிறியது. ரப்பர் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவில் 6.28 மில்லிமீட்டர் குறையும். பெரிய சக்கரமோ சின்ன சக்கரமோ, இந்த 6.28 மாறாது. என் வண்டியில் அது 0.3 சதவீதம்தான். அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

மிதியை எண்ணுவதில்தான் இதைவிடப் பெரிய பிழை வரும். கிராங்கில் மாட்டும் சென்சார் இருந்தால் சரி. இல்லையென்றால் வலது முழங்கால் மேலே வருவதை எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். அதில் ஒரு மிதி கூடவோ குறையவோ எண்ணிவிட்டால் விடையில் நான்கு மிதி தப்பும். 80-க்கு நான்கு என்றால் 5 சதவீதம். சுற்றளவை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து வைத்துக்கொண்டு மிதியை இப்படி எண்ணினால் அந்த உழைப்பெல்லாம் வீண்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, நேரத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. 48/16 கியரில் ஒரு மிதிக்கு 6.45 மீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 155 மிதி. மெதுவாகப் போனாலும் 155, வேகமாகப் போனாலும் 155. சுசீந்திரம் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் சமதளச் சாலையில், காற்று அதிகம் இல்லாத காலை வேளையில், ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை கியர் மாற்றாமல், கால் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போகலாம். 155-ல் ஒன்று தப்பினால் 1 சதவீதம்கூட வராது. கல் நட்ட இடத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் நான்கைந்து கல் தூரம் எண்ணிச் சராசரி எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் எண்ணிக்கை எந்தப் பக்கம் தப்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 155-க்குப் பதில் 140 வந்தால் நடுவில் எங்கோ கால் ஓய்ந்திருக்கிறது. ஃப்ரீவீலின் வேலையே அதுதான். நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும், இறக்கத்தில் சொல்லவே வேண்டாம். ஆகவே உண்மையான வேகம் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்க வழியில்லை, ஏனென்றால் பெடல் சுற்றினால் செயின் பின் சக்கரத்தை அந்த அளவுக்குச் சுற்றியே தீரும். ஆகவே 155-க்குப் பதில் 165 வந்தால் கோளாறு நம் பக்கம். நினைத்த கியர் ஒன்று, செயின் கிடந்த கியர் வேறொன்று. அல்லது டயரில் காற்று மிகவும் குறைவு. அல்லது ஆட்டோவுக்கு ஒதுங்கி, மாட்டுக்கு ஒதுங்கி, பள்ளத்துக்கு ஒதுங்கி நேராகப் போகாமல் வளைந்து போயிருக்கிறோம். தேய்ந்த செயின் பல்லைத் தாண்டிக் குதித்தாலும் மிதி வீணாகும், ஆனால் அப்போது படக் படக் என்று காலிலேயே தெரிந்துவிடும்.

சரி, அந்தப் பையனின் காற்றுக்கு வருவோம்.

ஆரல்வாய்மொழிக்குப் போகும்போது நான் 48/14-ல் ஓட்டுகிறேன். 48-ஐ 14-ஆல் வகுத்தால் 3.43. சுற்றளவால் பெருக்கினால் ஒரு மிதிக்கு 7.37 மீட்டர். நிமிடத்துக்கு 78 மிதி என்றால் 575 மீட்டர், மணிக்கு 34.5 கிலோமீட்டர். திரும்பும்போது 28/20. விகிதம் 1.4, ஒரு மிதிக்கு 3.01 மீட்டர். அப்போதும் 78 மிதிதான். 235 மீட்டர், மணிக்கு 14.1 கிலோமீட்டர்.

இரண்டு பயணத்திலும் கால் ஒரே வேகத்தில்தான் சுற்றியிருக்கிறது. மாறியது கியர் மட்டும். காற்று நேராக வேகத்தைத் தொடுவதில்லை. எந்த கியரில் 78 மிதி மிதிக்க என் காலில் வலு இருக்கும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 34.5-ல் போகும்போது முகத்தில் படும் காற்று வெறும் 14.5-தான். 14-ல் திரும்பும்போது அது 34. காற்றின் எதிர்ப்பு இந்த முகக்காற்றின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதாவது திரும்பும்போது காற்று சுமார் ஐந்தரை மடங்கு பலமாகப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்புக்கு எதிராக ஒரு மிதியில் 7.37 மீட்டர் நகர்த்த என்னால் முடியாது. 3 மீட்டர் முடியும்.

"அப்ப கியர் மாத்தாம 48/14-லயே வந்தா?" என்றான். "வரலாம் மக்கா, முட்டு போயிரும்" என்றேன். அந்த கியரில் மணிக்கு 14 என்றால் நிமிடத்துக்கு 32 மிதிகூட இல்லை. ஒவ்வொரு மிதியும் படி ஏறுவதுபோல இருக்கும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் 80, 90 என்று சுற்றுவதற்குக் காரணம் இதுதான். அதே வேலையைச் சின்னச் சின்ன மிதிகளாகப் பிரித்துச் செய்தால் ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய அழுத்தம் குறைகிறது. அதற்காக 120 மிதித்தாலும் நல்லதில்லை. பழகாதவர் சீட்டில் துள்ளத் தொடங்கிவிடுவார்.

இதையே திருப்பிப் போட்டால்தான் கணக்கு உண்மையில் பயன்படுகிறது. எந்த வேகம் முடியும், எத்தனை மிதி வசதி என்று தெரிந்தால் கியரைக் கண்டுபிடிக்கலாம்:

```
F / R = V / (0.06 × N × C)
```

எதிர்காற்றில் 15 போக முடியும், 80 மிதிக்க விருப்பம். 0.06-ஐ 80-ஆலும் 2.15-ஆலும் பெருக்கினால் 10.32. 15-ஐ அதனால் வகுத்தால் 1.45. என் வண்டியில் சரியாக 1.45 கிடையாது. 28/20 தருவது 1.4, 38/24 தருவது 1.58. முதலாவதில் 83 மிதிக்க வேண்டும், இரண்டாவதில் 73. காற்று விட்டுவிட்டு அடிக்கும் நாளில் நான் 38/24-ஐ எடுப்பேன். காற்று தணிந்ததும் பின்னால் மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம், முன்னால் வட்டு மாற்றும் சள்ளை இல்லை.

வேகமும் மிதியும் தெரிந்தால், குனிந்து பார்க்காமலே எந்த கியரில் இருக்கிறோம் என்றும் சொல்லிவிடலாம். வேகம் 22, மிதி 85 என்றால் விகிதம் 2.0. அது 48/24 ஆக இருக்கலாம், 28/14 ஆகவும் இருக்கலாம், இரண்டுக்கும் விகிதம் ஒன்றே. 21 கியர் என்று சொல்லி விற்கிறார்கள், அதில் இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவையும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறவையும் பல உண்டு. இந்த இரண்டிலும் செயின் குறுக்கே இழுபட்டுக் கிடக்கும். 38/18-ம் 38/20-ம் அவற்றின் இருபுறமும் நெருக்கமாகவே இருப்பதால் நான் அவற்றில் ஒன்றுக்குப் போய்விடுவேன்.

கியரே இல்லாத வண்டிக்கும் இதே கணக்குதான். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அண்ணன் பழைய ரோட்ஸ்டர் வைத்திருக்கிறார். அனுமதி கேட்டு எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18. உருட்டி அளந்ததில் சுற்றளவு 2.22 மீட்டர். ஒரு மிதிக்கு 5.43 மீட்டர். பெட்டி நிறைய மீனோடு 12 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார் என்றால் நிமிடத்துக்கு 37 மிதி. அவர் வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. காற்றோ ஏற்றமோ வந்தால் மிதி குறைய வேண்டும், அதோடு வேகமும் குறைய வேண்டும். ஏற்றத்தில் அவர் எழுந்து நின்று சவுட்டுவதும், ஒரு கட்டத்தில் இறங்கித் தள்ளுவதும் அதனால்தான்.

சராசரிகளை வைத்து இந்தச் சூத்திரத்தைப் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணத்தின் சராசரி மிதியை எடுத்து, ஏதோ ஒரு நடுத்தரமான கியரோடு பெருக்கி, சராசரி வேகத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாது. நடுவில் எத்தனையோ முறை கியர் மாறியிருக்கும், எத்தனையோ இடத்தில் கால் ஓய்ந்திருக்கும். போதாக்குறைக்குச் சில மீட்டர்கள் கால் சுற்றாத நேரத்தைச் சராசரி மிதியில் சேர்ப்பதில்லை, சில சேர்க்கின்றன. ஒரே கியரில், விடாமல் மிதித்த ஒரு துண்டுக்குத்தான் இந்தக் கணக்கு.

போன மாதம் ஃப்ரீவீல் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தது. கடைக்காரர், "தம்பி, கடைசி வட்டு 34 பல்லு உள்ளது ஒண்ணு இருக்கு, மலையேற நல்லாருக்கும்" என்றார். 28/34 என்றால் ஒரு மிதிக்கு 1.77 மீட்டர். இப்போதைய 28/28-ல் அது 2.15. பேச்சிப்பாறைக்கு மேலே மலைச்சாலையில் அடிக்கடி ஏறுகிறவருக்கு அது பெரிய நிம்மதிதான். ஆனால் அந்த ஃப்ரீவீலில் 24-க்கு அடுத்தது நேராக 34. 24-ல் 80 மிதித்துக்கொண்டிருக்கும்போது காற்று கொஞ்சம் ஏறி, 34-க்குப் போனால், அதே வேகத்தைப் பிடிக்க 113 மிதிக்க வேண்டும். 24-க்கு அடுத்து 28 என்றால் 93 போதும். என் ஓட்டம் பெரும்பாலும் தோவாளைக் காற்றில்தான். பழைய மாதிரி 28-ஐயே மாட்டித் தரச் சொன்னேன்.